கல்வராயன் மலைத் தாவரப் பதிவுகளும் ‘படு’ வினையும்: அறிவியல் தமிழில் செய்வினை, செயப்பாட்டுவினைத் தேர்வு

முன்னுரை

கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் மேற்கே அமைந்துள்ள கல்வராயன் மலையில் வாழ்வோருள் பெரும்பான்மையினர் மலையாளி என்னும் பழங்குடியினர் ஆவர். இவர்களது மருந்துத் தாவர அறிவைப் பதிவு செய்யும் தமிழ்க் கட்டுரைகளில் ‘பயன்படுத்தப்படுகிறது’ என்னும் முற்று இயல்பாக வந்து அமைகிறது. அறிவியல் நடைக்கு உரியதாகக் கருதப்படும் இச்சொல், அறிவுக்கு உரியவரை வாக்கியத்திலிருந்து நீக்கிவிடுகிறது. இவ்வழக்கு உருவான வரலாற்றையும், அது பொருந்தும் இடத்தையும் பொருந்தா இடத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

வழக்கின் வரலாறு

செயப்பாட்டுவினை தமிழுக்குப் புதிதன்று. ‘எனப்படும்’ என்னும் அமைப்பு பழைய நூல்களிலேயே உண்டு. செயப்படுபொருளையே வினைமுதல் போலக் கூறும் வழக்கையும் தொல்காப்பியம் ஏற்கிறது. திண்ணையை ஒருவர் மெழுகியிருக்க, திண்ணையே மெழுகியதாகச் சொல்வதை உரையாசிரியர்கள் அதற்குச் சான்றாகக் காட்டுவர். வினைமுதலைப் பின்னுக்குத் தள்ளத் தமிழில் ‘படு’ ஒன்றே வழி அன்று என்பது இதனால் புலனாகும்.

மரபுவழித் தொழில்நுட்ப நூல்களின் நடை வேறு. சித்த மருத்துவச் செய்யுள்கள் பெரும்பாலும் மாணாக்கனை முன்னிலைப்படுத்தி ‘இடி’, ‘அரை’, ‘கொடு’ என ஏவுகின்றன. செய்பவன் யார் என்னும் ஐயம் அங்கு எழுவதில்லை. மேலை அறிவியல் நூல்கள் தமிழுக்கு வந்தபோது இந்நிலை மாறியது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பணியாற்றிய சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 1872இல் ‘மனுஷ அங்காதிபாதம்’ என்னும் உடற்கூற்று நூலை வெளியிட்டார். 1960களில் தமிழ்நாட்டில் கல்லூரிப் பாடநூல்கள் தமிழில் வரத் தொடங்கின. இத்தகைய நூல்களுக்கு மூலமாக அமைந்த ஆங்கில உரைநடையில் செயப்பாட்டுவினை மிகுதி.

ஆங்கிலத்திலும் அது என்றுமுள்ள மரபு அன்று. 1672இல் ஒளியைப் பற்றி எழுதிய நியூட்டன் தம் சோதனைகளைத் தன்மை ஒருமையில் விவரித்தார். செயப்பாட்டுவினை மேலோங்கியது பிற்காலத்தில்தான். இன்று ‘நேச்சர்’ குழும இதழ்களே செய்வினையை விரும்பிப் பரிந்துரைக்கின்றன. தமிழ் ஆய்வு நடையோ பழைய வழக்கையே இன்னும் விதியாகக் கொண்டுள்ளது.

மூன்று வினைகள், மூன்று பொருள்கள்

‘பயன்படுத்தப்படுகிறது’ என்னும் சொல்லில் ‘படு’ இருமுறை வருகிறது. ‘பயன்படு’ என்பது தன்வினை. ‘பயன்படுத்து’ அதன் பிறவினை. அதன்மேல் மீண்டும் ‘படு’ சேர்ந்து செயப்பாட்டுவினை ஆகிறது. ‘கடுக்காய் மருந்தாகப் பயன்படுகிறது’ என்பது பொருளின் இயல்பைக் கூறும். ‘மருந்தாகப் பயன்படுத்துகின்றனர்’ என்பது மக்களின் செயலைக் கூறும். ‘பயன்படுத்தப்படுகிறது’ என்பதோ ஒருவர் செயலைச் செய்வதை உணர்த்திவிட்டு, அவர் யார் என்பதைச் சொல்லாமல் விடும். எனவே ஆய்வாளர் முன் உள்ளவை இரண்டு வழிகள் அல்ல, மூன்று.

மூன்றாம் வழி தேவைப்படும் இடமும் உண்டு. ‘இலை மாதிரிகள் நிழலில் ஏழு நாள் உலர்த்தப்பட்டன’ என்பதை ‘உலர்ந்தன’ என மாற்றினால், திட்டமிட்டுச் செய்த செயல் தானாக நிகழ்ந்ததுபோல் ஆகிவிடும். இங்கு உலர்த்தியவர் யாராயினும் முடிவு மாறாது. ஆகவே அவரை மறைப்பதால் இழப்பில்லை. மேலும், தமிழ் வினைமுற்றின் விகுதி இடத்தைக் காட்டிவிடுகிறது. ‘உலர்த்தினேன்’ என எழுதத் தயங்குவோர் ‘ஆய்வாளர் உலர்த்தினார்’ என எழுதுகின்றனர். முன்னாய்வாளர் ஒருவரும் அதே பத்தியில் சுட்டப்பெற்றால் எந்த ஆய்வாளர் என்னும் குழப்பம் நேரும். செய்முறைப் பகுதியில் செயப்பாட்டுவினை இக்குழப்பத்தைத் தவிர்க்கிறது.

ஒரு பதிவின் இரு வடிவங்கள்

கள ஆய்வுப் பகுதியில் நிலைமை வேறு. எடுத்துக்காட்டுக்காக அமைத்த வாக்கியம் ஒன்றைக் காணலாம்: ‘கல்வராயன் மலையில் கடுக்காய்த் தோல் இருமலுக்குப் பயன்படுத்தப்படுகிறது.’ பயன்படுத்துபவர் ஒருவரா, ஊரினரா, மலைமக்கள் அனைவருமா? ஆய்வாளர் நேரில் கண்டாரா, கேட்டறிந்தாரா, முந்தைய நூலிலிருந்து எடுத்தாரா? இவற்றுள் எதற்கும் அவ்வாக்கியத்தில் விடை இல்லை. பழைய நூலிலிருந்து எடுத்த செய்தியும் புதிய களச்செய்தியும் அதில் ஒரே தோற்றம் பெறுகின்றன. அடுத்து எழுதுபவர் அதை எடுத்தாளும்போது ஒருவரின் கூற்று ஒரு மலையின் வழக்காக விரிந்துவிடுகிறது.

‘மலையாளி மக்களால்’ எனச் சேர்ப்பதும் முழுத் தீர்வாகாது. ‘ஆல்’ உருபு வினைமுதலையும் கருவியையும் காரணத்தையும் ஒருங்கே உணர்த்துவது. அன்றியும், ஒருவரிடம் கேட்டதை அனைவர்க்கும் உரியதாக்கும் பிழை அதில் எஞ்சுகிறது. அதே செய்தியைப் பின்வருமாறு எழுதலாம்: ‘வெள்ளிமலைப் பகுதியைச் சேர்ந்த மூதாட்டி ஒருவர், கடுக்காய்த் தோலை இடித்துத் தேனில் குழைத்து இருமலுக்குத் தருவதாகக் கூறினார். அவர் தோலை இடிப்பதைக் கண்டேன். மருந்து தருவதைக் காணவில்லை.’ வாக்கியம் நீண்டாலும் கண்டதும் கேட்டதும் பிரிந்து நிற்கின்றன. பிறர் மீண்டும் சென்று சரிபார்க்கவும் வழி பிறக்கிறது.

தாவரவியல் இந்த ஒழுக்கத்தை ஒரு பாதியில் கடைப்பிடித்தே வந்துள்ளது. உலர்தாவரத் தாளில் சேகரித்தவர் பெயர், எண், நாள், இடம் ஆகியவை இடம்பெறுகின்றன. சேகரித்தவரைச் சுட்டாத மாதிரி மதிப்பிழக்கும். ஆனால், தாவரத்தின் பெயரையும் பயனையும் சொன்னவர்க்கு அத்தகைய கட்டாய இடம் இல்லை. அவ்வெற்றிடத்தையே செயப்பாட்டுவினை மறைக்கிறது.

உரிமையும் வினைமுதலும்

இது நடைச் சிக்கல் மட்டும் அன்று. 1987இல் அகத்தியமலைப் பகுதிக்குச் சென்ற அறிவியலாளர்கள், உடன்வந்த காணி வழிகாட்டிகள் களைப்பின்றி நடப்பதைக் கண்டு, அவர்கள் உண்ட ஆரோக்கியப்பச்சைப் பழத்தைப் பற்றி அறிந்தனர். அதிலிருந்து ‘ஜீவனி’ மருந்து உருவானது. உரிமக் கட்டணத்திலும் காப்புரிமைத் தொகையிலும் பாதி காணி மக்களுக்கு என முடிவாகி, 1997இல் அதற்கென அறக்கட்டளை பதிவாயிற்று. பங்கீடு குறித்துக் கருத்து வேறுபாடுகள் எழுந்தபோதும், யாரிடமிருந்து அறிவு வந்தது என்பது தெரிந்திருந்ததால்தான் பங்கு என்னும் பேச்சுக்கே இடமிருந்தது. 2002ஆம் ஆண்டின் உயிரியல் பல்வகைமைச் சட்டமும் உள்ளூர் அறிவைப் பதிவு செய்வதை உள்ளாட்சிகளின் மேலாண்மைக் குழுக்களிடம் ஒப்படைக்கிறது. வினைமுதல் இல்லாத பதிவு இத்தகைய கோரிக்கைக்குச் சான்றாவது கடினம்.

எனினும், பெயரிடுதல் தகவலாளரின் இசைவுடனேயே நிகழ வேண்டும். மருந்தை வெளியிட விரும்பாதவரும், பெயரைத் தர விரும்பாதவரும் உண்டு. அந்நிலையில் ஊர், வயது, தொழில் ஆகியவற்றுள் அவர் ஒப்பியவற்றை மட்டும் சுட்டலாம். அப்போதும் ‘ஒருவர் கூறினார்’ என்னும் செய்வினையைக் கைவிடத் தேவையில்லை.

முடிவுரை

செய்பவர் மாறினும் முடிவு மாறாத இடத்தில் செயப்பாட்டுவினை பொருந்தும். சொன்னவர் மாறினால் சான்றின் மதிப்பே மாறும் இடத்தில் செய்வினை வேண்டும். பொருளின் இயல்பைக் கூறத் தன்வினை போதும். ‘யாரால்?’ என்னும் வினாவுக்கு விடையை ஆய்வாளரின் களக்குறிப்பேடு வைத்திருந்தும் கட்டுரை தரவில்லையெனில், அங்கு ‘படு’ மிகையாக வந்துள்ளது எனலாம். கல்வராயன் மலைப் பதிவுகளை இவ்வளவுகோலால் மீள்நோக்கின், எவை களத்தில் பெற்றவை, எவை நூலிலிருந்து வழிவழி வந்தவை என்பதைப் பிரித்தறிய இயலும்.