கட்டட ஆற்றல் மாதிரிகளின் அளவுத்திருத்தமும் சேமிப்பு மதிப்பீட்டின் உறுதியின்மையும்: ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

ஒரு கட்டடத்தின் கணினி மாதிரி தரும் நுகர்வும் அளவி காட்டும் நுகர்வும் பொருந்திவிட்டால், அம்மாதிரி முன்னுரைக்கும் சேமிப்பும் நம்பத்தக்கது என்ற கருத்து நெடுங்காலம் நிலவியது. 1970களிலிருந்து 2012 வரை அமெரிக்காவில் இத்துறை வளர்ந்த போக்கை இக்கட்டுரை ஆராய்கிறது. பொருத்தம் வேறு, சேமிப்பின் உறுதி வேறு என்ற தெளிவு எவ்வாறு உருவாயிற்று என்பதை ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கின் துணையுடன் விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: அளவுத்திருத்தம், உறுதியின்மை, ஆற்றல் சேமிப்பு, உருவகப்படுத்தல், திட்டப்பிழை.

முன்னுரை

சேமிக்கப்பட்ட ஆற்றலை எந்த அளவியாலும் அளக்க இயலாது. அளவி காட்டுவது செலவானதை மட்டுமே. சீரமைப்பு நடவாதிருந்தால் எவ்வளவு செலவாகியிருக்கும் என்பதை ஒரு மாதிரியைக் கொண்டு கணித்து, அதிலிருந்து உண்மைச் செலவைக் கழித்தால் கிடைப்பதே சேமிப்பு. எனவே மாதிரியின் பிழை அப்படியே சேமிப்பின் பிழையாகிறது. இப்பிழையை எவ்வாறு அறிவிப்பது என்ற வினாவிற்கு இரண்டு ஆய்வு மரபுகள் வெவ்வேறு விடைகளைத் தந்துள்ளன.

பிரின்ஸ்டன் மரபு: பட்டியலிலிருந்து தொடங்குதல்

பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் சோகோலோ தலைமையிலான குழு 1970களில் நியூ ஜெர்சியின் ட்வின் ரிவர்ஸ் குடியிருப்பை ஆராய்ந்தது. ஒரே வரைபடத்தின்படி கட்டப்பட்ட அடுத்தடுத்த வீடுகளிடையே வெப்பமூட்டலுக்கான எரிவாயு நுகர்வு இரு மடங்குவரை வேறுபட்டது. சுவரும் கூரையும் ஒன்றாயிருந்தும் குடியிருப்போரின் பழக்கங்கள் நுகர்வை மாற்றின. கட்டுமான விவரங்களை மட்டும் கொண்டு ஒரு வீட்டின் நுகர்வைத் துல்லியமாக முன்னுரைக்க இயலாது என்பது இதனால் புலனாயிற்று.

இப்பட்டறிவின் தொடர்ச்சியே மார்கரெட் ஃபெல்ஸ் 1986இல் விரிவாக வெளியிட்ட பிரிசம் என்னும் முறை. இது ஒரு வீட்டை மூன்று எண்களால் மட்டும் விவரிக்கிறது. தட்பவெப்பத்தைச் சாராத அடிப்படை நுகர்வு ஒன்று. எந்த வெளிவெப்பநிலைக்குக் கீழே வெப்பமூட்டல் தொடங்குகிறது என்பது மற்றொன்று. அதற்குக் கீழே ஒவ்வொரு பாகை குறையும்போதும் நுகர்வு எவ்வளவு கூடுகிறது என்பது மூன்றாவது. மாதப் பட்டியல்களையும் அதே நாள்களின் வெப்பநிலையையும் கொண்டு இம்மூன்றும் கணிக்கப்படுகின்றன. புள்ளியியல் முறையாதலால் ஆண்டு நுகர்வின் மதிப்புடன் அதன் திட்டப்பிழையும் இயல்பாகவே வெளிப்பட்டது. ஆயினும் விளக்கை மாற்றினால் என்னவாகும், கண்ணாடியை மாற்றினால் என்னவாகும் என்ற வினாக்களுக்கு இம்மாதிரியிடம் விடையில்லை.

உருவகப்படுத்தல் மரபு: பொருந்திய மாதிரியின் மயக்கம்

அவ்வினாக்களுக்கு விடை தர வந்தவை டிஓஇ-2 போன்ற உருவகப்படுத்தல் நிரல்கள். இவை ஆண்டின் 8,760 மணிகளுக்கும் வெப்பச் சமநிலையைக் கணிப்பவை. நூற்றுக்கணக்கான உள்ளீடுகளை வேண்டுபவை. அவ்வுள்ளீடுகளுள் பலவும் களத்தில் அளக்கப்படாதவை. எனவே கணிப்பு பட்டியலுடன் ஒத்துவரும்வரை ஆய்வாளர் உள்ளீடுகளைச் சிறிது சிறிதாக மாற்றினார். இதுவே அளவுத்திருத்தம் எனப்பட்டது.

இதிலுள்ள இடரை ஒரு கற்பனைக் கட்டடத்தைக் கொண்டு காணலாம். ஆண்டு முழுவதும் குளிரூட்டல் தேவைப்படும் ஓர் அலுவலகம் ஆண்டுக்கு 10 லட்சம் யூனிட் செலவிடுகிறது எனக் கொள்வோம். விளக்குகளும் மேசைக் கருவிகளும் சேர்ந்து 6 லட்சம், எஞ்சியது குளிரூட்டல். முதல் ஆய்வாளர் விளக்குகளுக்கு 3.5 லட்சமும் கருவிகளுக்கு 2.5 லட்சமும் கொள்கிறார். இரண்டாமவர் விளக்குகளுக்கு 2.3 லட்சமும் கருவிகளுக்கு 3.7 லட்சமும் கொள்கிறார். இரண்டும் ஒரே நேரத்தில் இயங்கி ஏறத்தாழ ஒரே அளவு வெப்பத்தை அறைக்குள் விடுவதால், இரு மாதிரிகளும் 12 மாதப் பட்டியல்களுடன் சமமாகவே பொருந்தும்.

இப்போது விளக்குகளின் மின்திறனைப் பாதியாக்குவோம். நேரடிச் சேமிப்பு முதல் மாதிரியில் 1.75 லட்சம், இரண்டாவதில் 1.15 லட்சம். வெப்பம் குறைவதால், குளிரூட்டியின் செயல்திறன் எண் 3 எனில், இதில் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகச் சேமிக்கப்படும். ஆக முதல் மாதிரி 2.33 லட்சமும் இரண்டாவது 1.53 லட்சமும் முன்னுரைக்கின்றன. பட்டியலுடன் ஒப்பிடும் எந்தச் சோதனையும் இவ்விரண்டில் சரியானதைக் காட்டாது. விளக்குச் சுற்றில் தனி அளவியைப் பொருத்திச் சில வாரங்கள் அளந்தாலன்றி ஐயம் தீராது.

இது வெறும் கோட்பாட்டுச் சிக்கலன்று. 1988இல் டெக்சஸ் மாநிலம் தொடங்கிய லோன்ஸ்டார் திட்டத்தில், பொதுக் கட்டடங்களைச் சீரமைக்கக் கடன் வழங்கப்பட்டது. அக்கடன் ஆற்றல் சேமிப்பிலிருந்தே திருப்பிச் செலுத்தப்பட வேண்டும். மிகைபடக் கணித்த சேமிப்பு அங்குக் கடன்சுமையாகவே முடியும். அதனால்தான் டெக்சஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகத்தார் அக்கட்டடங்களில் மணிதோறும் அளவீடுகளைத் திரட்டினர்.

வழிகாட்டி 14: எல்லைகளும் அவற்றின் போதாமையும்

அமெரிக்க வெப்ப, குளிர்சாதனப் பொறியாளர் சங்கமான ஆஷ்ரே 2002இல் வெளியிட்ட வழிகாட்டி 14, பொருத்தத்திற்கு எண்ணளவில் எல்லை வகுத்தது. மாதத் தரவு எனில் சராசரிச் சாய்வு 5 விழுக்காட்டிற்குள்ளும், சிதறலைக் காட்டும் மாறுபாட்டுக் கெழு 15 விழுக்காட்டிற்குள்ளும் அமைய வேண்டும். மணித் தரவு எனில் முறையே 10, 30 விழுக்காடு. இரண்டும் தேவைப்படுவதற்குக் காரணம் உண்டு. கோடையில் மிகையாகவும் குளிர்காலத்தில் குறைவாகவும் கணிக்கும் மாதிரியில் பிழைகள் ஒன்றையொன்று நீக்கிக்கொள்வதால் சாய்வு சுழியாகத் தோன்றும். சிதறலே அப்பிழையைக் காட்டிக்கொடுக்கும்.

சேமிப்பின் உறுதியின்மைக்கு ஆகமி ரெட்டியும் டேவிட் கிளாரிட்ஜும் 2000இல் தந்த எளிய வாய்பாடு இத்துறையில் நிலைபெற்றது. தன்தொடர்பற்ற மாதத் தரவிற்கு அதன் வடிவம் இது:

ΔE/E = t × 1.26 × CV × √((n+2)/(n×m)) / F

இதில் CV மாறுபாட்டுக் கெழு. n சீரமைப்புக்கு முந்தைய மாதங்கள். m பிந்தைய மாதங்கள். F மொத்த நுகர்வில் சேமிப்பின் பங்கு. t நம்பக அளவைச் சார்ந்த எண். இது புள்ளியியல் மாதிரிகளுக்கென வகுக்கப்பட்டது. உருவகப்படுத்தலுக்கு ஒரு தோராய அளவுகோலாகவே கொள்ளத்தக்கது.

முன்னும் பின்னும் 12 மாதங்கள், சேமிப்பு 10 விழுக்காடு, நம்பகம் 68 விழுக்காடு எனக் கொள்வோம். கெழு 10 எனில் சேமிப்பின் உறுதியின்மை ஏறத்தாழ 40 விழுக்காடு. கெழு 15 எனில் ஏறத்தாழ 60 விழுக்காடு. வழிகாட்டி ஏற்கும் உச்சம் 50 விழுக்காடே. ஆகவே பொருத்தச் சோதனையில் தேறும் அதே சிதறல், சேமிப்புச் சோதனையில் தவறக்கூடும். சேமிப்பு 5 விழுக்காடாகச் சுருங்கினால் கெழு 10 இருந்தும் உறுதியின்மை 80 விழுக்காட்டை எட்டும். மணித் தரவைப் பயன்படுத்தி n, m ஆகியவற்றைப் பெருக்குவதும் முழுத் தீர்வாகாது. அடுத்தடுத்த மணிகளின் பிழைகள் ஒன்றையொன்று சார்ந்தவை. அவற்றைத் தனித்தனிச் சான்றுகளாக எண்ணினால் உறுதியின்மை பொய்யாகக் குறைந்து தோன்றும்.

ஒரு விடையிலிருந்து பல விடைகளுக்கு

ரெட்டியும் உடனாய்வாளர்களும் 2007இல் ஆஷ்ரே ஆய்வு 1051இன் வழியாக இச்சிக்கலை நேரடியாக எதிர்கொண்டனர். மிகச் சிறந்த ஒரே மாதிரியைத் தேடுவதை விடுத்து, தரவுடன் ஏற்கத்தக்க அளவு பொருந்தும் பல மாதிரிகளைத் திரட்டி, அவை அனைத்தும் தரும் சேமிப்பின் வீச்சை அறிவிக்க வேண்டும் என்றனர். மேற்கண்ட அலுவலகத்திற்கு அத்தகைய விடை, 1.53 முதல் 2.33 லட்சம் யூனிட் வரை என்பதாகும். கென்னடியும் ஓஹேகனும் 2001இல் வகுத்த பேய்சியன் முறையைக் கட்டடச் சீரமைப்பிற்குப் பொருத்தி இயோன்சூக் ஹியோவும் உடனாய்வாளர்களும் 2012இல் வெளியிட்ட ஆய்வு, அவ்வீச்சினுள் எது எவ்வளவு நிகழக்கூடியது என்பதையும் நிகழ்தகவாகத் தந்தது. எனினும் தொடக்கத்தில் கொள்ளும் முன்னனுமானம் குறுகியதாயிருப்பின் முடிவும் பொய்யாகக் குறுகிவிடும்.

முடிவுரை

பிரின்ஸ்டன் மரபு பிழையை அறிவித்தது. ஆனால் மொத்த நுகர்வையே விளக்கியது. உருவகப்படுத்தல் மரபு உறுப்புகளை விளக்கியது. ஆனால் பிழையை அறிவிக்கவில்லை. இவ்விரண்டையும் இணைக்க முயன்றதே 2000க்குப் பிந்தைய வளர்ச்சி. கெழு எல்லைக்குள் உள்ளது என்று மட்டும் கூறும் அறிக்கை, மாதிரி பட்டியலுடன் ஒத்துள்ளது என்பதையே நிறுவுகிறது. சேமிப்பு எந்த வீச்சினுள், எந்த நம்பகத்துடன் அமையும், மாற்றப்படும் உறுப்பு தனியே அளக்கப்பட்டதா என்னும் வினாக்களுக்கு விடை தரும் அறிக்கையே சேமிப்பை மதிப்பிட்ட அறிக்கையாகும்.