எரிந்த காடா, இலையுதிர்த்த காடா?
அந்தமான் நிக்கோபார் தீவுகளில் எரிதழும்பு வரைபடமாக்கலின் ஒரு சிக்கல்

மார்ச் மாதத்தில் நடு அந்தமானின் ஈர இலையுதிர் காட்டை மேலிருந்து பார்த்தால், அங்கங்கே பழுப்புத் திட்டுகள் தெரியும். படாக் உள்ளிட்ட மரங்கள் இலை கொட்டி நிற்கும் காலம் அது. காய்ந்த சருகில் தீப்பிடிக்கும் காலமும் அதுவே. செயற்கைக்கோள் படத்தில் இவ்விரண்டையும் பிரித்தறிவதுதான் இத்தீவுகளில் எரிதழும்பை வரைபவருக்கு முதல் தலைவலி.

முறை எளியது. பசுமையான இலை அண்மை அகச்சிவப்பு ஒளியை நன்றாகத் திருப்பி அனுப்பும். அதிலுள்ள நீர், குற்றலை அகச்சிவப்பை உறிஞ்சிக்கொள்ளும். தீக்குப் பிறகு கரியும் வெறும் மண்ணும் மிஞ்சும்போது முன்னது குறைகிறது, பின்னது கூடுகிறது. இவ்விரண்டின் வேறுபாட்டை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் வருவது எரிவிகிதம். தீக்கு முந்தைய விகிதத்திலிருந்து பிந்தையதைக் கழித்தால் கிடைப்பது எரிவேறுபாடு. சென்டினல்-2 படங்களில் கணக்கு இப்படி:

```
NBR  = (B8A - B12) / (B8A + B12)
dNBR = NBR_pre - NBR_post
```

இந்தக் குறியீட்டின் மூலவடிவத்தை 1991-இல் லோபஸ் கார்சியா, காசெல்லஸ் ஆகியோர் ஸ்பெயினில் கையாண்டனர். பின்னர் அமெரிக்காவில் கீ, பென்சன் இருவரும் அதை வளர்த்து, எரிவேறுபாட்டுக்கு வகுப்புகளை வரையறுத்தனர்: 0.10-க்கு மேல் இலேசான எரிவு, 0.27-க்கு மேல் நடுத்தரம், 0.66-க்கு மேல் கடுமை. அந்த அட்டவணையை அப்படியே எடுத்துத் தீவுகளின்மேல் போர்த்துவது தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

விளக்கத்துக்காக எடுத்துக்கொண்ட எண்களால் மூன்று படப்புள்ளிகளைக் கணக்கிடலாம். முதலாவது, முழுதும் எரிந்த காடு. முன்பு ஒளித்திருப்பம் 0.32, 0.08, எரிவிகிதம் 0.60. பின்பு 0.15, 0.20, விகிதம் −0.14. வேறுபாடு 0.74. இதில் ஐயமில்லை.

இரண்டாவது, தீயே படாத இலையுதிர் காடு. டிசம்பரில் அதே 0.60. இலை கொட்டிய மார்ச்சில் 0.26, 0.14; விகிதம் 0.30. வேறுபாடும் 0.30. அட்டவணைப்படி இது ‘நடுத்தர எரிவு’!

மூன்றாவது, நிக்கோபாரின் கமோர்ட்டா போன்ற தீவுகளில் உள்ள புல்வெளி. காய்ந்த புல்லில் 0.25, 0.20, விகிதம் 0.11. அடியோடு எரிந்தபின் 0.12, 0.16, விகிதம் −0.14. வேறுபாடு 0.25 மட்டுமே. ஒரு புல்கூட மிஞ்சாத இடம் ‘இலேசான எரிவு’ ஆகிறது. பொறிகூடப் படாத காடு அதைவிட மோசமாக எரிந்ததாகப் பதிவாகிறது.

இந்தத் தலைகீழ்நிலைக்கு 2007-இல் மில்லர், தோட் இருவரும் ஒரு மருந்து சொன்னார்கள். எரிவேறுபாட்டை, முந்தைய எரிவிகிதத்தின் தனிமதிப்பின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். அப்படிச் செய்தால் புல்வெளி 0.76-க்கு ஏறுகிறது, இலையுதிர் காடு 0.39-இல் நிற்கிறது. வரிசை நேராகிவிட்டது. ஆனால் முந்தைய விகிதம் சுழியை நெருங்கும் வெற்று நிலத்தில் வகுத்தல் தறிகெட்டு ஓடும். அந்தப் புள்ளிகளை முன்கூட்டியே நீக்கிவிட வேண்டும்.

0.39 மட்டும் இன்னும் பொய்தான். அதைத் தீர்க்க வகுத்தல் போதாது, கழித்தல் வேண்டும். எரியாதது என்று உறுதியாகத் தெரிந்த, அதே வகைக் காடு ஒன்றைத் தேர்ந்து, அங்கே இரு படங்களுக்கிடையே நேர்ந்த சராசரி மாற்றத்தை எல்லாப் புள்ளிகளிலிருந்தும் கழிப்பது வழக்கம். பசுங்காட்டையும் இலையுதிர் காட்டையும் ஒரே கழிவால் சரிசெய்யக் கூடாது. வகைக்கு ஒரு கழிவு தேவை. இதைவிட நல்லது, முந்தைய ஆண்டின் அதே மார்ச் படத்தை ‘முன்’ படமாகக் கொள்வது. அப்போது இலையில்லா மரம் இலையில்லா மரத்தோடு ஒப்பிடப்படும்.

தீயல்லாத வேறு காரணங்களும் இங்கே தழும்பு போடுகின்றன. 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் வடக்கு அந்தமான் கடற்கரை உயர்ந்து, அலையேற்றம் எட்டாமல் அலையாத்திக் காடுகள் பட்டுப்போயின. நிக்கோபாரில் கரையே தாழ்ந்து காடு கடலுக்குள் போயிற்று. 2005-இல் பாரன் தீவு எரிமலை மீண்டும் சீறியது. அந்த ஆண்டுகளை இடையில் வைத்து இரு படங்களை ஒப்பிடுபவருக்கு, காய்ந்த அலையாத்தியும் எரிமலைக் குழம்பு படிந்த சரிவும் எரிந்த நிலமாகவே காட்சி தரும். எண் மாற்றத்தை மட்டும் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. ஆகவே தழும்பு தெரியும் இடத்தில், அந்த இடைக்காலத்தில், மோடிஸ் போன்ற கருவி வெப்பப் புள்ளி எதையேனும் பதிந்ததா என்று பார்ப்பது கட்டாயம். அதுவும் முழுச் சான்றல்ல. எரிமலையும் வெப்பப் புள்ளிதான். சிறிய புல்தீயோ செயற்கைக்கோள் கடப்பதற்குள் அணைந்துவிடும்.

எதிர்த்திசைப் பிழையும் உண்டு. பசுமைமாறாக் காட்டின் அடியில் சருகு மட்டும் எரிந்தால், மேல்விதானம் அதை மறைத்துக்கொள்ளும். அங்கே எரிவேறுபாடு சுழியாக இருப்பது, தீ இல்லை என்பதற்குச் சான்றாகாது.

மிஞ்சுவது காலக்கணக்கு. சென்டினல்-2 இணை ஐந்து நாளுக்கு ஒருமுறை வந்தாலும், மே மாத நடுவில் பருவமழை தொடங்கியதும் மேகம் தீவுகளை மூடிவிடும். மார்ச்சில் எரிந்த புல்வெளி முதல் மழையிலேயே துளிர்க்கும். தெளிவான படத்துக்காக டிசம்பர் வரை காத்திருந்தவர் பச்சைப் புல்லைத்தான் அளப்பார். எனவே புல்வெளிக்கு எரிந்த சில வாரத்துக்குள் எடுத்த படமும், மரங்கள் மாண்டனவா என்று அறிய வேண்டிய காட்டுக்கு அடுத்த வறட்சிக்காலப் படமும் என, ஒரே தீவுக்கு இரண்டு ‘பின்’ படங்கள் தேவைப்படுகின்றன.