ஆறு நாள் எங்கே போச்சு? ஸ்விம்லேன் டயகிராமின் கதை

இந்த எபிசோடுக்கு ஒரு பேப்பரும் பேனாவும் பக்கத்துல இருந்தா நல்லது. பஸ்ல இருக்கீங்கன்னா மனசுக்குள்ளயே வரைஞ்சுக்கலாம், பெரிய படம் இல்ல.

1980-கள்ல அமெரிக்காவுல ஐபிஎம் கிரெடிட்னு ஒரு கம்பெனி இருந்தது. ஐபிஎம் விற்கிற கம்ப்யூட்டர்களை வாங்குறவங்களுக்குக் கடன் கொடுக்கிறதுதான் அதோட வேலை. ஒரு கடன் கோரிக்கைக்குப் பதில் சொல்ல அவங்களுக்குச் சராசரியா ஆறு நாள் ஆச்சு. சில நேரம் ரெண்டு வாரம்கூட ஆகும். அதுக்குள்ள வாடிக்கையாளர் வேற இடத்துல கடன் வாங்கிடுவார், இல்லன்னா வேற கம்பெனியோட கம்ப்யூட்டரையே வாங்கிடுவார். ஆனா அந்த ஆறு நாள்ல உண்மையா நடந்த வேலை எவ்வளவு தெரியுமா? தொண்ணூறு நிமிஷம்.

மீதி நேரம் எங்க போச்சு? ஒரு ஸ்விம்லேன் டயகிராம் அதை நமக்குக் காட்டுமா? இன்னைக்கு இந்த ரெண்டு கேள்விதான்.

முதல்ல, படத்தோட வம்சாவளி

ஸ்விம்லேன் டயகிராம் ரொம்ப எளிமையான விஷயம். நீச்சல் குளத்துல கயிறு கட்டிப் பாதை பாதையா பிரிச்சிருப்பாங்க இல்லையா, அதே மாதிரி ஒரு பக்கத்தைப் பட்டை பட்டையா பிரிச்சுக்கணும். ஒவ்வொரு பட்டையும் ஒரு டிபார்ட்மென்ட். ஒரு வேலையோட ஒவ்வொரு படியையும் ஒரு கட்டமா வரைஞ்சு, அதைச் செய்றவங்களோட பட்டைக்குள்ள வைக்கணும். அப்புறம் அம்புக்குறி போட்டுக் கட்டங்களை இணைக்கணும். அவ்வளவுதான்.

இதோட வேர் 1921-ல இருக்கு. ஃபிராங்க் கில்பிரெத், லிலியன் கில்பிரெத்னு ஒரு தம்பதி. ஃபிராங்க் கொத்தனார் வேலையில ஆரம்பிச்சவர். லிலியன் உளவியல் படிச்சவர். அமெரிக்க மெக்கானிக்கல் இன்ஜினியர்கள் சங்கத்துல, அதாவது ஏஎஸ்எம்இ-யில, 'ப்ராசஸ் சார்ட்'னு ஒண்ணை இவங்க அறிமுகப்படுத்தினாங்க. ஒரு பொருள் ஃபேக்டரிக்குள்ள போற பாதையைக் குறியீடுகளால எழுதுற முறை அது. 1947-ல ஏஎஸ்எம்இ அதைத் தரப்படுத்தினப்போ அஞ்சு குறிதான் மிஞ்சினது. வட்டம்னா வேலை. அம்புன்னா இடமாற்றம். சதுரம்னா சோதனை. முக்கோணம்னா சேமிப்பு. ஆங்கில எழுத்து 'டி' மாதிரி இருக்கிற குறின்னா காத்திருப்பு.

இந்த அஞ்சாவது குறியை ஞாபகம் வச்சுக்கோங்க. காத்திருப்புக்குன்னே தனியா ஒரு குறி இருந்தது.

ஃபேக்டரிக்கு இருந்த இந்த முறையை ஆஃபீஸுக்குக் கொண்டு வந்தவர் பென் கிரஹாம். படிவங்கள் அச்சடிக்கிற ஸ்டாண்டர்ட் ரெஜிஸ்டர் கம்பெனியில வேலை பார்த்தவர். 1944-ல லேக் பிளாசிட்ல ஆலன் மொகென்சன் நடத்தின பயிற்சிக்குப் போனார். திரும்பி வந்து, இரும்புத் துண்டுக்குப் பதிலா காகிதத்தைப் பின்தொடர ஆரம்பிச்சார். ஒவ்வொரு படிவத்துக்கும் ஒரு கோடு, அது எந்த மேசையில நிக்குது, எவ்வளவு நேரம் நிக்குது, எல்லாம் படத்துல வரும். மொகென்சனும் கிரஹாமும் ஒரு விஷயத்துல உறுதியா இருந்தாங்க: ஒரு வேலையைச் செய்றவருக்குத்தான் அந்த வேலையைப் பத்தி அதிகம் தெரியும், அதனால படம் வரையும்போது அவரும் கூட இருக்கணும்.

இன்னைக்கு நமக்குத் தெரிஞ்ச பட்டை வடிவத்தைக் கம்பெனிகள்ல பரவலாக்கினது ஜியரி ரம்லர், ஆலன் பிராச் ரெண்டு பேரும் 1990-ல எழுதின புத்தகம். அதுல அவங்க சொன்ன முக்கியமான விஷயம் இதுதான். ஒரு கம்பெனியோட ஆர்கனைசேஷன் சார்ட்டை எடுத்துப் பாருங்க. பெட்டிகள் இருக்கும். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு மேனேஜர் இருப்பார். பெட்டிகளுக்கு நடுவுல இருக்கிற வெள்ளை இடத்துக்கு யாரும் பொறுப்பு இல்ல. வேலை வழுக்கி விழுறது பெரும்பாலும் அங்கதான்.

இப்போ வரைஞ்சு பார்ப்போம்

ஐபிஎம் கிரெடிட் கதை மைக்கேல் ஹாமரும் ஜேம்ஸ் சாம்பியும் 1993-ல எழுதின புத்தகத்துல இருக்கு. அவங்க சொன்ன படிகளை நாம ஆறு பட்டையில வைக்கலாம்.

முதல் பட்டை, வெளியில இருக்கிற விற்பனையாளர். அவர் ஃபோன் பண்ணுவார். ரெண்டாவது பட்டை, ஒரு மேசையைச் சுத்தி உட்கார்ந்திருக்கிற 14 பேர். அதுல ஒருத்தர் கோரிக்கையை ஒரு தாள்ல எழுதுவார். தாள் மாடிக்கு, கிரெடிட் டிபார்ட்மென்ட்டுக்குப் போகும். அது மூணாவது பட்டை. அங்க விவரங்களைக் கம்ப்யூட்டர்ல ஏத்தி, இவருக்குக் கடன் கொடுக்கலாமான்னு பார்த்து, முடிவைத் தாள்ல எழுதுவாங்க. நாலாவது, பிசினஸ் பிராக்டிசஸ்: கடன் ஒப்பந்தத்தை வாடிக்கையாளருக்கு ஏத்த மாதிரி மாத்துறவங்க. அவங்களுக்குத் தனி கம்ப்யூட்டர் சிஸ்டம். அஞ்சாவது, பிரைசிங்: ஒருத்தர் ஸ்ப்ரெட்ஷீட்ல போட்டு வட்டி விகிதம் கணக்குப் பண்ணுவார். ஆறாவது, எழுத்தர் குழு: எல்லாத்தையும் சேர்த்துக் கடிதமா டைப் பண்ணி, கூரியர்ல விற்பனையாளருக்கு அனுப்புவாங்க.

வரைஞ்சாச்சா? இப்போ பட்டைக் கோட்டைத் தாண்டுற அம்புகளை மட்டும் எண்ணுங்க. ஆறு.

படத்தைப் பார்த்தா எந்தத் தப்பும் தெரியாது. ஒவ்வொரு கட்டமும் நியாயமானது, ஒவ்வொண்ணையும் அதுக்குரிய நிபுணர்தான் செய்றார். ஆனா விற்பனையாளர் மூணாவது நாள் ஃபோன் பண்ணி "என் கோரிக்கை இப்போ எங்க இருக்கு?"ன்னு கேட்டா யாருக்கும் பதில் தெரியாது. தாள் அந்த வரிசையில எங்கேயோ தொலைஞ்சு கிடக்கும்.

இந்தப் புகாரைத் தீர்க்க அவங்க முதல்ல ஒண்ணு பண்ணாங்க. ஒரு டிபார்ட்மென்ட் வேலையை முடிச்சதும் தாளை நேரா அடுத்த டிபார்ட்மென்ட்டுக்கு அனுப்பாம, ஃபோன் எடுத்த அந்த மேசைக்கே திருப்பி அனுப்பணும். அங்க பதிவு பண்ணிட்டு அடுத்தவங்களுக்கு அனுப்புவாங்க. உங்க படத்துல இதை வரைஞ்சு பாருங்க: நடுவுல இருக்கிற ஒவ்வொரு அம்பும் ரெண்டா உடையுது. ஆறா இருந்தது ஒன்பது ஆகுது. இப்போ தாள் எங்க இருக்குன்னு சொல்ல முடிஞ்சது. ஆனா ஆறு நாள் இன்னும் நீண்டு போச்சு. ஸ்டேட்டஸ் தெரியணும்னு இன்னொரு அப்ரூவல் படி சேர்க்கிற எந்த டீமுக்கும் இது புரியும்.

அந்தத் தொண்ணூறு நிமிஷம்

அப்புறம் ரெண்டு சீனியர் மேனேஜர்கள் ஒரு கோரிக்கையைக் கையில எடுத்துக்கிட்டு அஞ்சு படிக்கும் நடந்தே போனாங்க. ஒவ்வொரு இடத்துலயும், "கையில இருக்கிறதை வச்சுட்டு இதை இப்பவே வழக்கம்போல செஞ்சு கொடுங்க"ன்னு கேட்டாங்க. தொண்ணூறு நிமிஷத்துல முடிஞ்சது.

எட்டு மணி நேர வேலை நாள்னு வச்சுக்கிட்டா ஆறு நாள் என்பது 48 மணி நேரம். அதுல ஒன்றரை மணி நேரம்தான் வேலை, சுமார் மூணு சதவீதம். மீதி எல்லாம் அம்புகள்ல இருந்தது. அதாவது, அடுத்த மேசையில இருக்கிற குவியல்ல தாள் தன் முறைக்காகக் காத்துக்கிட்டு இருந்தது.

இங்க ஒரு சின்ன எச்சரிக்கை. அந்த மேனேஜர்கள் வரிசையைத் தாண்டிப் போனவங்க. எல்லாரும் அப்படித் தாண்டினா வரிசையே இருக்காது, குழப்பம்தான் இருக்கும். அதனால "எல்லாரும் வேகமா வேலை பாருங்க"ன்னு சொல்றது இதுக்குப் பதில் ஆகாது. வேலையை ரெண்டு மடங்கு வேகமா செஞ்சிருந்தாக்கூட 45 நிமிஷம்தான் மிச்சமாகும். குறைக்க வேண்டியது கை மாறுற தடவைகளை.

அவங்க பண்ணதும் அதுதான். நாலு நிபுணர்களுக்குப் பதிலா ஒரே ஆள் ஆரம்பத்துல இருந்து முடிவு வரைக்கும் கோரிக்கையைப் பார்ப்பார். இது எப்படிச் சாத்தியம்? பெரும்பாலான கோரிக்கைகளுக்கு நிபுணத்துவமே தேவைப்படல. ஒரு டேட்டாபேஸ்ல தேடணும், ஒரு ஃபார்முலாவுல எண் போடணும், ஒரு ஃபைல்ல இருந்து வழக்கமான ஷரத்துகளை எடுக்கணும். அதுக்கு ஒரு நல்ல கம்ப்யூட்டர் சிஸ்டம் போதும். உண்மையிலேயே சிக்கலானது வந்தா மட்டும் ஒரு சின்ன நிபுணர் குழுகிட்ட கேட்டுக்கலாம். ஆறு நாள் நாலு மணி நேரமாச்சு. கையாண்ட கோரிக்கைகள் நூறு மடங்கு கூடினதுன்னு அந்தப் புத்தகம் சொல்லுது. ஆட்கள் எண்ணிக்கை கொஞ்சம்தான் குறைஞ்சது.

படத்துல விடுபட்டவை

இப்போ அந்த அஞ்சாவது குறிக்குத் திரும்புவோம். பழைய சார்ட்ல காத்திருப்புக்கு ஒரு குறி இருந்தது. ஸ்விம்லேன் வந்தப்போ 'யார்' என்கிறது படத்துக்குள்ள வந்தது, 'எவ்வளவு நேரம்' என்கிறது வெளிய போச்சு. 1990-கள்ல யூஎம்எல் வந்தது, 2004-ல பிபிஎம்என் வந்தது. ரெண்டுமே பட்டையை எடுத்துக்கிட்டது. ஆனா ரெண்டு கட்டத்துக்கு நடுவுல வரையிற சாதாரண அம்பு, பத்து நிமிஷத்தையும் பத்து நாளையும் ஒரே மாதிரிதான் காட்டுது. அதனால ஒரு ஸ்விம்லேன் படம் உங்க கைக்கு வந்தா, கோட்டைத் தாண்டுற ஒவ்வொரு அம்பு மேலயும் ஒரு எண் எழுதுங்க: இங்க இது எவ்வளவு நேரம் காத்திருக்கு? அந்த எண்ணை டிபார்ட்மென்ட் மேனேஜர்கிட்ட கேட்காதீங்க, அவர் வேலை நேரத்தைத்தான் சொல்வார். ஒரு உண்மையான கோரிக்கையைப் பின்தொடர்ந்து எழுதுங்க.

விடுபட்டது இன்னொண்ணும் இருக்கு. ஒரு பட்டையை அழிக்கிறது படத்துல ஒரு கோடு. ஆஃபீஸ்ல அது சிலரோட சம்பளம். ஹாமர் 1990-ல எழுதின கட்டுரையோட பெரிய உதாரணம் ஃபோர்டு. சப்ளையர்களுக்குப் பணம் கொடுக்கிற டிபார்ட்மென்ட்ல வட அமெரிக்காவுல மட்டும் 500 பேருக்கு மேல இருந்தாங்க. இன்வாய்ஸ் என்கிற படியையே எடுத்ததும் 75 சதவீதம் ஆட்கள் குறைஞ்சாங்க. இந்த மாதிரி மாற்றத்தை மேலிருந்துதான் செலுத்தணும்னு ஹாமரும் சாம்பியும் எழுதினாங்க. கிரஹாம் படம் வரையக் கூப்பிட்ட ஆட்களே இப்போ அந்தப் படத்துல அழிக்கப்படுற கட்டங்களா ஆனாங்க. சீக்கிரமே அமெரிக்காவுல 'ரீஇன்ஜினியரிங்'னு சொன்னாலே ஆட்குறைப்புன்னு அர்த்தம் ஆச்சு. 1996-ல வால் ஸ்ட்ரீட் ஜர்னல்கிட்ட ஹாமரே ஒத்துக்கிட்டார்: தான் இன்ஜினியரிங் பின்னணியில இருந்து வந்ததால மனுஷங்க சம்பந்தப்பட்ட பக்கத்துக்குப் போதுமான மதிப்பு கொடுக்கலன்னு.

இன்ஜினியரிங் படிச்ச எனக்கு அந்த வரி கொஞ்சம் உறுத்துது. ஆனா ஐபிஎம் கிரெடிட் கதையில இன்னொரு வழியும் இருக்கு. அங்க தாமதத்துக்குக் காரணம் எந்தக் கட்டத்துலயும் உட்கார்ந்திருந்த ஆள் இல்ல, கட்டங்களுக்கு நடுவுல இருந்த கோடு. கோட்டை எடுத்தாங்க, பெரும்பாலான ஆட்கள் இருந்தாங்க.

உங்க ஆஃபீஸ்ல லீவ் அப்ளிகேஷனோ லேப்டாப் ரிக்வெஸ்ட்டோ போற பாதையை இந்த வாரம் வரைஞ்சு பாருங்க. எத்தனை அம்பு, எத்தனை நாள்னு எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.