வேலையின்மை 4.7 சதவீதம்: இந்தக் கணக்கு எப்படி வந்தது?



சென்ற ஜும்ஆவுக்குப் பிறகு நமது ஊரில் ஒரு சிறிய கூட்டம் நடந்தது. உயர்தரம் முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு மின்னிணைப்பு வகுப்பும் தையல் வகுப்பும் தொடங்கலாமா என்பதுதான் பேச்சு. அப்போது ஒரு சகோதரர் கைத்தொலைபேசியைப் பார்த்து, "நாட்டிலயே வேலையில்லாதவங்க நூத்துக்கு அஞ்சு பேர் கூட இல்லியே, நம்மட ஊர்ல யாருக்கு இந்த வகுப்பு?" என்று கேட்டார். அவர் பொய் சொல்லவில்லை. 2023 ஆம் ஆண்டுக்கான அரச புள்ளிவிபரத்தில் வேலையின்மை வீதம் 4.7 சதவீதம்தான். நம்மில் யாருக்கும் உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. பேச்சு அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போனது. அந்தப் பதிலை ஆறுதலாக எழுதிப் பார்க்கலாம் என்றுதான் இந்தப் பதிவு.

முதலில் கொஞ்சம் வரலாறு.

பழைய காலத்துக் குடிசன மதிப்பீடுகளில் "உங்கள் தொழில் என்ன?" என்றுதான் கேட்பார்கள். தச்சர் என்றால் தச்சர், வியாபாரி என்றால் வியாபாரி. ஆறு மாதமாக உளியைத் தொடாத தச்சரும் தச்சர்தான். 1930களில் உலகப் பொருளாதாரம் சரிந்தபோது இந்த முறையின் குறை வெளியே வந்தது. அமெரிக்காவில் இலட்சக்கணக்கானோர் வேலை இழந்து நின்றார்கள். ஆனால் எத்தனை பேர் என்று அரசாங்கத்தால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அதனால் கேள்வியை மாற்றினார்கள். "உங்கள் தொழில் என்ன?" என்பதற்குப் பதிலாக, "குறிப்பிட்ட அந்த வாரத்தில் என்ன செய்தீர்கள்?" என்று வீடு வீடாகக் கேட்கத் தொடங்கினார்கள். 1940 முதல் அங்கே அது மாதாந்தக் கணக்கெடுப்பாயிற்று. 1954 இல் சர்வதேச தொழில் புள்ளிவிபரவியலாளர் மாநாடு இந்த முறையை உலகத்துக்கான விதியாக ஏற்றது. 1982 மாநாடு அதை இன்னும் நுணுக்கமாக்கியது. வாரத்தில் ஒரு மணித்தியாலமாவது வேலை செய்தவர் வேலையுள்ளவர் என்ற வழக்கம் உறுதியானது அப்போதுதான்.

நமது நாட்டில் இந்தப் பிரச்சினை இரத்தத்தோடு வந்தது. 1971 ஏப்ரல் கிளர்ச்சியில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் படித்துவிட்டு வேலை இல்லாமல் இருந்த கிராமத்து இளைஞர்கள். அதே ஆண்டு சர்வதேச தொழில் அமைப்பின் சார்பில் டட்லி சீர்ஸ் தலைமையில் ஒரு குழு இலங்கை வந்து, வேலையின்மை பற்றிப் பெரிய அறிக்கை ஒன்றைத் தந்தது. படிப்பு எதிர்பார்க்க வைக்கும் வேலையும் நாட்டில் உள்ள வேலையும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்பது அதன் முக்கியமான முடிவு. 1973 இல் மத்திய வங்கி நடத்திய நுகர்வோர் நிதி ஆய்வில் வேலையின்மை 24 சதவீதமாக இருந்தது. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் காலாண்டு தோறும் நடத்தும் தொழிற்படை அளவீடு 1990 இல் தொடங்கியது. வடக்கு கிழக்கு நீங்கலாக அந்த ஆண்டில் கிடைத்த விடை 15.9 சதவீதம். இன்று ஐந்துக்கும் கீழே. வெளிநாட்டு வேலையும் ஆடைத் தொழிற்சாலைகளும் இந்த இறக்கத்தில் உண்மையான பங்கு எடுத்தன. ஆனால் இந்த எண் எதை எண்ணுகிறது, எதை எண்ணவில்லை என்று தெரியாமல் அதை நமது ஊருக்குப் பொருத்த முடியாது.

கணக்கெடுப்பாளர் வீட்டுக்கு வந்தால், 15 வயதும் அதற்கு மேலும் உள்ள ஒவ்வொருவரையும் மூன்று கூட்டங்களில் ஒன்றில் சேர்ப்பார்.

முதலாவது, வேலையுள்ளவர். கடந்த வாரத்தில் ஒரு மணித்தியாலமாவது சம்பளத்துக்கோ, சொந்தத் தொழிலிலோ, குடும்பத் தொழிலில் சம்பளமில்லாமலோ வேலை செய்திருந்தால் போதும். வேலை இருந்தும் சுகயீனத்தாலோ லீவிலோ அந்த வாரம் போகாதவரும் இதில்தான். இரண்டாவது, வேலையற்றவர். இவர் மூன்று நிபந்தனைகளையும் ஒன்றாக நிறைவேற்ற வேண்டும். கடந்த வாரம் வேலை செய்திருக்கக் கூடாது, கடந்த நான்கு வாரத்தில் வேலை தேடி ஏதாவது முயற்சி எடுத்திருக்க வேண்டும், வேலை கிடைத்தால் இரண்டு வாரத்துக்குள் சேர ஆயத்தமாக இருக்க வேண்டும். மூன்றாவது கூட்டம் மற்ற எல்லோரும். படிப்பவர்கள், வயதானவர்கள், இயலாதவர்கள், வீட்டு வேலை பார்க்கும் பெண்கள், தேடுவதை விட்டுவிட்டவர்கள். இவர்கள் தொழிற்படைக்கு வெளியே.

முதல் இரண்டு கூட்டமும் சேர்ந்ததுதான் தொழிற்படை. 15 வயதுக்கு மேற்பட்ட எல்லோரிலும் தொழிற்படை எத்தனை பங்கு என்பது தொழிற்படைப் பங்கேற்பு வீதம். வேலையின்மை வீதத்துக்கு அடியில் இருப்பது மொத்த மக்கள் அல்ல, தொழிற்படை மட்டும். மூன்றாவது கூட்டத்தில் ஒருவர் இருந்தால், வேலையின்மைக் கணக்கில் அவர் மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை.

உக்குவளைப் பக்கம் ஒரு வீட்டைக் கற்பனை செய்து பார்ப்போம். 15 வயதுக்கு மேல் ஆறு பேர். அப்பா எழுபது வயது. வாப்பா சிறிய கடை வைத்திருக்கிறார். உம்மா வீட்டில். மூத்த மகள் பட்டம் முடித்து அரச நியமனம் எப்போது வரும் என்று பார்த்திருக்கிறாள், இந்த மாதம் எங்கும் விண்ணப்பிக்கவில்லை. பெரிய மகன் மாத்தளை டவுனில் கடை கடையாக ஏறி வேலை கேட்கிறான். சின்ன மகன் வெள்ளிக்கிழமை வாப்பாவின் கடையில் மூன்று மணித்தியாலம் நின்றான், காசு எதுவும் வாங்கவில்லை.

வேலையுள்ளவர்கள் வாப்பாவும் சின்ன மகனும். வேலையற்றவர் பெரிய மகன் ஒருவர்தான். மூத்த மகள் தேடவில்லை என்பதால் அப்பாவோடும் உம்மாவோடும் வெளியே போய்விடுகிறாள். ஆறு பேரில் தொழிற்படை மூவர், பங்கேற்பு 50 சதவீதம். மூவரில் ஒருவருக்கு வேலையில்லை, வேலையின்மை 33.3 சதவீதம்.

இப்போது பெரிய மகன் அலுத்துப்போய் தேடுவதை விட்டுவிட்டான் என்று வைப்போம். தொழிற்படை இருவராகிறது. வேலையின்மை பூச்சியம்! யாருக்கும் வேலை கிடைக்கவில்லை, வீட்டுக்கு ஒரு சதமும் கூடுதலாக வரவில்லை. மாறியது பங்கேற்பு மட்டும், 50 இலிருந்து 33.3 ஆக இறங்கியிருக்கிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. பெரிய மகன் இன்னும் தேடிக்கொண்டிருக்கும்போதே கணக்கெடுப்பாளர் வந்தார் என்று வைப்போம். உம்மா அந்த வாரம் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் காசுக்கு ஒரு கவுன் தைத்துக் கொடுத்திருந்தார். "என்ன செய்றீங்க?" என்று கேட்டால் நமது உம்மாமார் சொல்லும் பதில் "சும்மா வீட்டிலதான்". அப்படிச் சொன்னால் வெளியே. கவுன் தைத்ததைச் சொன்னால் வேலையுள்ளவர். அப்போது பங்கேற்பு 66.7 சதவீதம், வேலையின்மை 25 சதவீதம். மிளகுக் காலத்தில் தோட்டத்தில் மிளகு பறித்துக் காயவைத்து விற்கக் கொடுக்கும் பெண்களின் கதையும் இதுதான். சமையல், பிள்ளை வளர்ப்பு, வயதானவர்களைப் பார்ப்பது ஆகியவை எவ்வளவு நேரம் எடுத்தாலும் இந்தக் கணக்கில் தொழில் ஆகாது.

ஒரு வீட்டில் நடந்தது நாட்டிலும் நடந்தது. 2019 இல் வேலையின்மை 4.8 சதவீதம். அதன் பிறகு கொரோனா, 2022 இன் எரிபொருள் வரிசை, விலையேற்றம், மூடிய கடைகள் எல்லாவற்றையும் பார்த்தோம். 2023 இல் வேலையின்மை 4.7 சதவீதம். இந்த எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு நாட்டில் ஒன்றுமே நடக்கவில்லை. ஆனால் பங்கேற்பு 52.3 இலிருந்து 48.6 ஆக விழுந்தது. ஆண்கள் 73.0 இலிருந்து 68.6 ஆகவும், பெண்கள் 34.5 இலிருந்து 31.3 ஆகவும் குறைந்தார்கள். இந்த விழுக்காடு முழுவதும் மனம் விட்டவர்கள்தான் என்று சொல்வதும் பிழை. 2022 இல் மட்டும் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வெளிநாட்டு வேலைக்குப் புறப்பட்டார்கள். கட்டாரில் இருக்கும் மகன் இங்குள்ள வீட்டுக் கணக்கில் வரமாட்டான். நமது மக்களில் முதியவர்களின் பங்கும் கூடுகிறது. ஆனால் நெருக்கடியின் தடம் வேலையின்மை வீதத்தில் அல்ல, பங்கேற்பு வீதத்தில்தான் பதிந்தது.

பழைய எண்களோடு ஒப்பிடும்போதும் ஒரு கவனம் வேண்டும். முன்பு 10 வயதிலிருந்து எண்ணினார்கள், 2013 முதல்தான் 15 வயது. பத்து முதல் பதினான்கு வயதுப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருப்பவர்கள். அவர்களை அடியிலிருந்து எடுத்துவிட்டால், பெரியவர்களில் யாரும் புதிதாக வேலைக்குப் போகாமலே பங்கேற்பு வீதம் கூடும். ஓர் ஆண்டில் திடீர் பாய்ச்சல் கண்டால் முதலில் வரைவிலக்கணம் மாறியதா என்று பார்க்க வேண்டும்.

மாத்தளைக்கென்று வரும் எண் இன்னும் மெல்லியது. நாடு முழுவதற்கும் ஆண்டுக்குச் சுமார் 25,000 வீடுகளில்தான் கேட்கிறார்கள். 25 மாவட்டங்களுக்குப் பங்கிட்டால் சராசரி ஆயிரம் வீடு. அதில் தொழிற்படையில் சுமார் 1,300 பேர் இருக்கலாம் என்று வைத்தால், 5 சதவீதம் என்பது வெறும் 65 பேர். பதின்மூன்று பேரின் பதில் மாறினால் மாவட்டத்தின் வீதம் ஒரு சதவீதம் ஏறி இறங்கும். தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையத்தில் மூட்டை தூக்குபவரும், இரத்தோட்டைத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளியும், நமது ஊர்க் கடைக்காரரும் அந்த ஒரே எண்ணுக்குள் இருக்கிறார்கள். அதிலிருந்து ஒரு மஹல்லாவின் நிலையை வாசிக்க முடியாது.

இந்த விதிகளைச் செய்தவர்களைக் குறை சொல்லவில்லை. ஒரு மணித்தியால விதி இருப்பதால்தான் சின்னச் சின்ன உழைப்பும் நாட்டின் உற்பத்திக் கணக்கோடு பொருந்துகிறது. போதிய வேலை இல்லாதவர்களுக்கு வேறொரு கணக்கும் வைத்திருக்கிறார்கள். வாரத்துக்கு 40 மணித்தியாலத்துக்குக் குறைவாக உழைத்து, இன்னும் உழைக்க ஆயத்தமாக இருப்பவர் குறைதொழிலில் உள்ளவர். எண்கள் எல்லாம் அறிக்கையில் இருக்கின்றன. நாம்தான் ஒன்றை மட்டும் எடுத்துப் பேசுகிறோம்.

ஆகவே அடுத்த கூட்டத்துக்கு முன் ஒரு வேலை செய்யலாம் என்று நினைக்கிறோம். நமது மஹல்லாவில் ஒவ்வொரு வீட்டிலும், 15 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரிடமும் நான்கு கேள்விகள். கடந்த வாரம் காசுக்கோ குடும்பத் தொழிலுக்கோ எத்தனை மணித்தியாலம் உழைத்தீர்கள்? கடந்த நான்கு வாரத்தில் வேலை தேடினீர்களா? தேடவில்லை என்றால் ஏன்? இரண்டு வாரத்தில் வேலை கிடைத்தால் போவீர்களா? பெண்களிடம் பெண்களே போய்க் கேட்க வேண்டும். "வேலை செய்றீங்களா?" என்று கேட்காமல், தைத்ததா, மிளகு பறித்ததா, பலகாரம் செய்து விற்றதா என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும்.

மூன்றாவது கேள்விக்கு "தேடி அலுத்துட்டேன்", "எனக்கு ஒரு தொழிலும் தெரியாதே" என்று எத்தனை பேர் சொல்கிறார்களோ, அந்த வகுப்பில் அத்தனை கதிரை போட வேண்டும். அந்தச் சகோதரர் கேட்ட கேள்விக்கு நாம் கொடுக்கக்கூடிய சரியான விடை அந்தப் பட்டியல்தான். கேட்கப் போக நேரம் உள்ளவர்கள் இன்ஷா அல்லாஹ் இஷாவுக்குப் பிறகு பள்ளியில் சந்திப்போம்.