உழைக்கும் தசைக்கு இன்சுலின் எவ்வளவு வேண்டும்?

நீரிழிவு பற்றிய விளக்கத் தாள்களில் இன்சுலினைச் சாவி என்றும் செல்லைப் பூட்டிய அறை என்றும் எழுதுவது வழக்கம். சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருப்பவரின் தசைக்கு இந்த உவமை ஓரளவு பொருந்தும். அவரே எழுந்து சைக்கிள் மிதிக்கத் தொடங்கினால் பொருந்தாது. மிதிக்கும்போது அவர் ரத்தத்தில் இன்சுலின் குறைகிறது. தொடைத்தசை எடுத்துக்கொள்ளும் குளுக்கோஸோ பல மடங்கு கூடுகிறது. ஸ்வீடனில் யான் வாரன் தலைமையிலான குழு, காலுக்குள் போகும் ரத்தத்திலும் வெளியே வரும் ரத்தத்திலும் குளுக்கோஸை அளந்து 1971இல் வெளியிட்ட முடிவுகளின்படி, 40 நிமிடம் மிதித்தபின் காலின் குளுக்கோஸ் ஏற்பு இலேசான உழைப்பில் ஏழு மடங்காகவும் மிதமான, கடும் உழைப்பில் பத்து முதல் இருபது மடங்காகவும் உயர்ந்திருந்தது.

இதிலிருந்து இரண்டு முடிவுகள் பரவலாக எடுக்கப்படுகின்றன. சுருங்கும் தசை குளுக்கோஸை உள்ளே எடுக்க இன்சுலின் தேவையில்லை என்பது ஒன்று. ஆகவே இன்சுலின் போதாதவரும் உழைத்தே சர்க்கரையைக் குறைத்துக்கொள்ளலாம் என்பது மற்றொன்று. முதலாவது சோதனைகளால் உறுதிப்பட்டது. இரண்டாவது அதிலிருந்து தானாக வருவதில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

உழைக்கும் தசை சர்க்கரை உண்பதை அறிவியல் கண்டது இன்சுலினைக் காண்பதற்கு முன்பே. 1887இல் பிரான்சில் ஷோவோவும் காஃப்மனும் குதிரை வைக்கோல் மெல்லும்போது அதன் முகத்தசைக்கு வரும் ரத்தத்தையும் அங்கிருந்து திரும்பும் ரத்தத்தையும் ஒப்பிட்டு, மெல்லும் தசை ஓய்ந்த தசையைவிட அதிகக் குளுக்கோஸை எடுப்பதைக் காட்டினார்கள். இன்சுலின் பிரித்தெடுக்கப்பட்டது 1921இல். ஐந்து ஆண்டுகள் கழித்து, தானே நீரிழிவு நோயாளியான லண்டன் மருத்துவர் ஆர். டி. லாரன்ஸ், ஊசி போட்டுக்கொண்டபின் உழைத்தால் சர்க்கரை இன்னும் விரைவாகவும் அதிகமாகவும் இறங்குவதைப் பதிவு செய்தார். ஆனால் உழைப்பு இன்சுலினுக்குத் துணையாக நிற்கிறதா, தனியாகவே செயல்படுகிறதா என்பதை அந்தப் பதிவைக் கொண்டு சொல்ல முடியாது.

அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்க மேலும் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. 1975இல் பெர்கர், ஹாக், ரூடர்மன் ஆகியோர் எலியின் பின்னுடலைத் தனியே எடுத்து, அதன் ரத்தக்குழாய்களில் கரைசலைச் செலுத்தி, தசையை மின்தூண்டலால் சுருங்க வைத்தனர். சுருக்கம் வேலை செய்யச் சிறிதளவு இன்சுலினாவது உடன் இருக்க வேண்டும் என்ற முடிவுக்கு அவர்கள் வந்தார்கள். அந்தக் கருத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. உழைக்கும் தசைக்கு ரத்த ஓட்டம் பெருகுவதால், ரத்தத்தில் இன்சுலினின் செறிவு குறைந்தாலும் தசையை வந்தடையும் மொத்த இன்சுலின் குறையாமல் இருக்கலாம் அல்லவா? அப்படியானால், குறைந்த இன்சுலினே இங்கே மறைமுகமாக வேலை செய்கிறது என்று வாதிக்க இடமுண்டு.

1984இல் இரண்டு குழுக்கள் இந்த வாதத்தைத் தகர்த்தன. கோபன்ஹேகனில் ப்ளோக், கால்போ, ரிக்டர் மூவரும் இன்சுலின் இல்லாத நிலையிலும் சுருக்கம் குளுக்கோஸ் ஏற்பை உயர்த்துவதைக் காட்டினர். அமெரிக்காவில் வால்பெரி-ஹென்ரிக்சனும் ஹாலோசியும் கடும் நீரிழிவுக்கு உள்ளாக்கிய எலிகளின் தசையில் அதையே கண்டனர். இன்சுலின் எட்டாத தசையும் சுருங்கினால் சர்க்கரையை எடுத்தது.

இன்னும் கூர்மையான சான்று 1995இல் வந்தது. இன்சுலின் தன் ஏற்பியில் ஒட்டியதும் செல்லுக்குள் பிஐ3-கைனேஸ் என்ற நொதி இயங்க வேண்டும். அந்தப் படி இல்லாமல் இன்சுலினின் கட்டளை மேலே செல்லாது. வோர்ட்மானின் என்ற பூஞ்சைப் பொருள் அந்த நொதியை முடக்கும். வோர்ட்மானின் இட்ட எலித்தசையில் இன்சுலின் தூண்டும் குளுக்கோஸ் ஏற்பு நின்றுபோனது. சுருக்கம் தூண்டும் ஏற்பு அப்படியே இருந்தது. ஒரே தசைக்கு இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் விளைவுகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கூடுகின்றன என்பது அதற்கு முன்பே தெரிந்திருந்தது. ஒரே வழியில் இரண்டும் வந்திருந்தால், ஒன்று உச்சத்தைத் தொட்டபின் மற்றொன்றால் கூட்ட முடியாது. பின்னர், தசையில் மட்டும் இன்சுலின் ஏற்பி இல்லாதபடி மரபணு நீக்கிய சுண்டெலிகளும் ஓடியபோது இயல்பாகவே குளுக்கோஸை எடுத்தன. முதல் முடிவைப் பொறுத்தவரை சர்ச்சை இத்துடன் முடிந்தது என்று கொள்ளலாம்.

பாதைகள் வேறு என்றாலும் அவை போய்ச் சேரும் இடம் ஒன்றுதான். தசைநாருக்குள் நுண்பைகளில் சேமித்து வைக்கப்பட்டுள்ள குளூட்-4 என்ற கடத்திப் புரதம் செல்லின் மேற்சவ்வுக்கு நகர்ந்தால்தான் குளுக்கோஸ் வேகமாக உள்ளே வரும். இன்சுலினும் சுருக்கமும் இந்த நகர்வைத் தூண்டுபவையே. தசையில் குளூட்-4 இல்லாதபடி செய்த சுண்டெலியில் சுருக்கத்தின் விளைவும் மறைந்துவிடுகிறது. இன்சுலின் எதிர்ப்பு உள்ள இரண்டாம் வகை நீரிழிவு நோயாளிகள் ஒரு முறை சைக்கிள் மிதித்த பிறகும் மேற்சவ்வில் குளூட்-4 கூடியதை 1999இல் வெளியான ஆய்வு காட்டியது. அவர்களிடம் பழுதடைந்திருப்பது இன்சுலினின் கட்டளை செல்லும் வழி. உழைப்பின் வழி பெரிதும் கெடாமல் இருக்கிறது. நடைப்பயிற்சியை மருந்தாகப் பரிந்துரைப்பதற்கு உடலியலில் இதைவிட நல்ல ஆதாரம் இல்லை.

நுண்பைகளை நகர்த்தும் சமிக்ஞை எது என்ற கேள்விக்குப் பாடநூல்கள் பெரும்பாலும் ஏஎம்பிகே என்ற ஒற்றைப் பதிலைத் தருகின்றன. செல்லின் ஏடிபி கையிருப்பு கரையும்போது விழித்துக்கொள்ளும் நொதி அது. அதை வேதிப்பொருளால் தூண்டினால் தசை குளுக்கோஸை எடுக்கவும் செய்யும். ஆனால் 2001இல் ஏஎம்பிகே செயலிழந்த தசை கொண்ட சுண்டெலியில், பிராணவாயுக் குறைவு தூண்டும் ஏற்பு முற்றும் நின்றபோதும், சுருக்கம் தூண்டும் ஏற்பு ஓரளவே குறைந்தது. சுருங்கும்போது வெளியாகும் கால்சியமும், தசை இழுபடும் அழுத்தத்தை உணரும் ராக்1 என்ற புரதமும் தங்கள் பங்கைச் செலுத்துகின்றன. ஒன்று தடைப்பட்டால் மற்றொன்று ஈடுகட்டும் ஏற்பாடு இது. ஒற்றை நொதியைத் தூண்டும் மாத்திரை உடற்பயிற்சிக்கு மாற்றாகும் என்ற எதிர்பார்ப்பை இந்தக் காரணத்தாலேயே நான் ஐயத்துடன் பார்க்கிறேன்.

மேலும், கடத்தி சவ்வுக்கு வந்துவிட்டால் மட்டும் போதாது. குளுக்கோஸை ரத்தம் தசைக்குக் கொண்டுவர வேண்டும்; உள்ளே வந்த குளுக்கோஸில் ஹெக்சோகைனேஸ் நொதி பாஸ்பேட்டைச் சேர்த்தால்தான் அது வெளியே திரும்பாமல் தங்கும். ஓய்வில் சவ்வைக் கடப்பதே தடை. உழைப்பில் சவ்வு தாராளமாக வழிவிடுவதால், தடை பாஸ்பேட் சேர்க்கும் படிக்கு நகர்கிறது.

இனி இரண்டாவது முடிவுக்கு வருவோம். 70 கிலோ எடையுள்ள ஒருவரின் ரத்தச் சர்க்கரை 90 மி.கி./டெ.லி. என்று வைத்துக்கொள்வோம். ரத்தத்தில் இருக்கும் குளுக்கோஸ் மொத்தமே நான்கைந்து கிராம். செல்களுக்கு வெளியே உள்ள நீர் முழுவதையும், அதாவது ஏறத்தாழ 14 லிட்டரையும் சேர்த்தால் 12 கிராம் சொச்சம். மிதமான உழைப்பில் தசை நிமிடத்துக்குக் கூடுதலாக 250 மி.கி. எடுக்கிறது என்றால், 40 நிமிடத்தில் 10 கிராம் போய்விடும். கல்லீரல் ஓய்வில் கொடுத்த அளவையே கொடுத்துக்கொண்டிருந்தால் அவர் மயங்கி விழுந்திருப்பார். விழுவதில்லை, ஏனென்றால் கல்லீரல் தன் கொடையை இரண்டு மூன்று மடங்காக்குகிறது. அதைச் செய்ய வைப்பது, உழைப்பின்போது கணையத்தில் சுரப்பு குறைந்து இறங்கும் இன்சுலினும், அதற்கு எதிராக இயங்கும் குளூக்ககானும் ஆகும். ஆக, உழைப்பில் இன்சுலின் குறைவதன் பொருள் தசையைச் சார்ந்தது அல்ல; கல்லீரலைச் சார்ந்தது. இன்சுலின் கல்லீரலின் கடிவாளம். உழைக்கும்போது உடல் அதைச் சற்றுத் தளர்த்துகிறது, முழுதும் விட்டுவிடுவதில்லை.

கடிவாளமே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை முதல் வகை நீரிழிவு காட்டுகிறது. 1977இல் பெர்கரும் உடனிருந்தோரும் இத்தகைய நோயாளிகளை உழைக்க வைத்துப் பார்த்தனர். மிதமான கட்டுப்பாட்டில் இருந்தவர்களின் சர்க்கரை இறங்கியது. இன்சுலின் போதாமல் ரத்தத்தில் கீட்டோன் கூடியிருந்தவர்களின் சர்க்கரை உழைத்தபின் ஏறியது, கீட்டோனும் ஏறியது. அவர்களின் தசையும் சர்க்கரையை எடுக்காமல் இருந்திருக்காது. ஆனால் கடிவாளமற்ற கல்லீரல் அதைவிட வேகமாகக் கொட்டியது, கொழுப்புத் திசு கொழுப்பமிலங்களை விடுவித்தது, கல்லீரல் அவற்றைக் கீட்டோனாக்கியது. தசையின் வாயில் திறந்திருந்தும் நோயாளி மோசமானார்.

எதிர்ப்பக்கமும் உண்டு. அதே நோயாளி சாப்பாட்டுக்கு முன் தொடையில் ஊசி போட்டுக்கொண்டு உடனே சைக்கிள் மிதிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தொடையில் ரத்த ஓட்டம் கூடுவதால் ஊசியில் போட்ட இன்சுலின் வழக்கத்தைவிட விரைவாக உறிஞ்சப்படும் என்பதைக் கோய்விஸ்டோவும் ஃபெலிக்கும் 1978இல் காட்டினர். கணையத்தில் சுரப்பதாக இருந்தால் அதைக் குறைக்கலாம். தோலுக்கடியில் போட்டதை யாராலும் திரும்ப எடுக்க முடியாது. எனவே தசையில் இரு வழிகளும் சேர்ந்து குளுக்கோஸை இழுக்க, கல்லீரல் அடங்கிப்போக, சர்க்கரை வேகமாகச் சரியும். ஆபத்து அத்துடன் தீர்வதுமில்லை. உழைத்த தசை கிளைக்கோஜனை நிரப்பிக்கொள்ள, அடுத்த ஒன்று இரண்டு நாட்கள் வரை இன்சுலினுக்குக் கூடுதலாகச் செவிசாய்க்கும். மாலையில் நன்கு விளையாடிய பிள்ளைக்கு நள்ளிரவில் சர்க்கரை இறங்குவதற்கு இது ஒரு காரணம்.

ஆகவே, சுருங்கும் தசைக்கு இன்சுலின் தேவையில்லை என்பது தசையைப் பற்றிய உண்மை. உடல் முழுவதையும் பற்றியது அல்ல. இன்சுலின் எடுத்துக்கொள்பவர்கள் உழைக்கும் முன் சர்க்கரையை அளக்க வேண்டும். அது 250 மி.கி./டெ.லி.க்கு மேல் இருந்தால் கீட்டோனையும் பார்க்க வேண்டும். கீட்டோன் கூடியிருந்தால் அன்று உடற்பயிற்சியைத் தள்ளிவைத்து, மருத்துவரைக் கேட்டு இன்சுலினைச் சரிசெய்வதே முதல் வேலை.