இரவு 2 மணி வேலை... காலை 9.30-க்கு கண் விழித்த கம்ப்யூட்டர்! தவறிய வேலையை ஓட்டலாமா, விடலாமா?

ஒரு ஜவுளிக்கடையின் அலுவலக கம்ப்யூட்டரில் தினமும் இரவு 2 மணிக்கு மூன்று வேலைகள் தானாக ஓடும். கணக்கு ஃபைல்களை பேக்கப் எடுப்பது, முந்தைய நாள் விற்பனை ரிப்போர்ட் தயாரிப்பது, 'தைத்த துணியை இன்று வந்து வாங்கிக்கொள்ளவும்' என வாடிக்கையாளருக்கு மெசேஜ் அனுப்புவது. சனிக்கிழமை மாலை கணக்காளர் சிஸ்டத்தை ஆஃப் செய்துவிட்டுப் போகிறார். ஞாயிறும் கடை உண்டு, ஆனா அலுவலகம் லீவு. திங்கள் காலை 9.30-க்கு ஆன் ஆகும்போது இரண்டு இரவு வேலைகள் விட்டுப்போயிருக்கும்.

விண்டோஸ் என்ன செய்யும்?

டாஸ்க் ஷெட்யூலரில் வேறு எதுவும் மாற்றாவிட்டால், தவறிய வேலை தவறியதுதான். அடுத்த இரவு 2 மணி வரை காத்திருக்கும். அந்த வேலையின் Settings பகுதியில் கீழே உள்ளதை டிக் செய்தால், சிஸ்டம் ஆன் ஆன பிறகு ஓட்டிவிடும். உடனே அல்ல, வழக்கமாக சுமார் 10 நிமிடம் கழித்து.

```
Run task as soon as possible after a scheduled start is missed
```

அப்போ எல்லாத்துக்கும் டிக் போட்டுடலாமா?

கூடாது. இரண்டு இரவு தவறினாலும் அது ஒருமுறைதான் ஓடும். பேக்கப்புக்கு அது போதும். இப்போது எடுக்கும் காப்பியிலேயே இரண்டு நாள் கணக்கும் வந்துவிடும்.

மெசேஜுக்கு டிக் போட்டால் சிக்கல். திங்களன்று போக வேண்டியது தாமதமானாலும் பரவாயில்லை. ஆனா ஞாயிறுக்கான மெசேஜ் திங்களன்று போனால், 'இன்று' என்ற சொல்லே பொய்யாகிவிடும். எனவே அனுப்பும் முன் அந்த மெசேஜுக்குரிய தேதியை புரோகிராமே பார்த்து, நாள் கடந்திருந்தால் விட்டுவிட வேண்டும்.

சத்தமில்லாமல் காணாமல் போகும் ரிப்போர்ட்

உண்மையான ஆபத்து ரிப்போர்ட்டில்தான். அது 'நேற்று' என்று கணக்கிட்டு ஓடுகிறது. திங்களன்று ஓடினால் ஞாயிறு விற்பனை மட்டும் வரும். சனிக்கிழமை ரிப்போர்ட் வரவே வராது. எரர் எதுவும் காட்டாது. மாத மொத்தம் இடிக்கும்போதுதான் தெரியும்.

இதற்குத் தீர்வு, கடைசியாக எந்தத் தேதிக்கு ரிப்போர்ட் முடிந்தது என்பதை ஒரு சின்ன ஃபைலில் எழுதி வைப்பது. கண் விழித்ததும் புரோகிராம் அதைப் படிக்கும். அதில் வெள்ளி என்றிருந்தால் சனிக்கும் ஞாயிறுக்கும் தனித்தனியாக ஓடும். ஒவ்வொன்றும் முழுசா முடிந்த பிறகே தேதியை மாற்ற வேண்டும். முதலிலேயே மாற்றிவிட்டால், நடுவில் கரண்ட் போனால் அந்த நாள் மறுபடி விட்டுப்போகும்.

எப்படி கண்டுபிடிப்பது?

டாஸ்க் ஷெட்யூலரில் `Last Run Time` என்ற இடத்தைப் பாருங்கள். இரவு 2 மணிக்குப் பதில் காலை 9.40 என்று இருந்தால், அன்று வேலை தாமதமாக ஓடியிருக்கிறது என்று அர்த்தம்.