நெஞ்செரிவோடு கொழுந்து பறிக்கும் ஒருவருக்கு ஏழு நாள் மரக்கறி உணவு: குருவிட்ட தோட்டங்களிலிருந்து ஒரு கணக்கு

குருவிட்ட பகுதித் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணின் நாளை எடுத்துக்கொள்வோம். விடியுமுன் எழுந்தவுடன் வெறும் வயிற்றில் கடும் சாயத்தில் பிளேன்டீ. பின்னர் கோதுமை மா ரொட்டியும், மிளகாயும் தேசிக்காயும் சேர்த்து இடித்த தேங்காய்ச் சம்பலும். மதியம் அவசரமாக ஒரு பிடி சோறு. வேலை முடிந்து, பிள்ளைகளைப் பார்த்து, சமைத்து, இரவு ஒன்பது மணிக்குத்தான் வயிறு நிறையச் சாப்பாடு. பத்து மணிக்குப் படுக்கை. நள்ளிரவில் நெஞ்சு எரிந்து, புளித்த நீர் தொண்டைக்கு வருகிறது.

இதை எல்லோரும் 'கேஸ்ட்ரைட்டீஸ்' என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் இங்கே நடப்பது வேறு. உணவுக்குழாயும் இரைப்பையும் சந்திக்கும் இடத்தில் ஒரு தசை வளையம் கதவு போல இருக்கிறது. அது சரியாக மூடாதபோது இரைப்பை அமிலம் மேலே ஏறுகிறது. வயிறு நிரம்பியிருக்கும்போதும், கொழுப்பு அதிகமான உணவின் பின்னும், சாப்பிட்டவுடன் படுக்கும்போதும், இடுப்பை இறுக்கிக் கட்டும்போதும் இது கூடுகிறது. படங்கை இடுப்பில் இறுக்கிக் கட்டிக் குனிந்து பறிப்பவர்களுக்குப் பகலிலும் எரிவதற்கு இது ஒரு காரணம்.

ஆகவே புளிப்பைக் குறைத்தால் மட்டும் போதாது. தேசிக்காய், தக்காளி, பழப்புளி, கொரக்கா ஆகியவை ஏற்கெனவே புண்பட்ட குழாயை உறுத்துகின்றன; அதனால் அவற்றை இரண்டு வாரம் நிறுத்துகிறோம். ஆனால் அமிலத்தை மேலே தள்ளுவது பெரும்பாலும் உணவின் அளவும் நேரமும் கொழுப்பும்தான். கீழே உள்ள திட்டம் நாளின் பெரிய சாப்பாட்டை மதியத்துக்கு மாற்றுகிறது. இரவுச் சாப்பாடு ஏழு மணிக்குள் முடிய வேண்டும். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடையே மூன்று மணி நேரம் வேண்டும்.

சமையலில் மாற்ற வேண்டியவை

கறிக்கு முதற்பால் வேண்டாம், இரண்டாம் பால் போதும். ஒருவருக்கு ஒரு நாளைக்கு எண்ணெய் இரண்டு தேக்கரண்டி. மிளகாய்த்தூளுக்குப் பதிலாக மஞ்சள், மல்லி, சீரகம், வெந்தயம், கறிவேப்பிலை, ரம்பை. வெங்காயத்தைப் பச்சையாகச் சேர்க்காமல் வதக்கிச் சேர்க்கவும். தேநீர் இளஞ்சாயமாக, சாப்பிட்டு ஒரு மணி நேரத்தின் பின். உணவோடு குடிக்கும் தேநீர் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் எடுக்கவிடாது. இரத்தச் சோகை உள்ள பெண்களுக்கு இது முக்கியம். தேசிக்காயை நிறுத்துவதால் குறையும் விற்றமின் சி-யைப் பப்பாசிப்பழம் ஈடுசெய்யும். அதில் புளிப்பு இல்லை.

ஏழு நாட்கள்

மதியச் சோறு ஒன்றரைத் தேநீர்க் கோப்பை, இரவுச் சோறு முக்கால் கோப்பை என்று வைத்துக்கொள்ளுங்கள். காலை பத்து மணிக்கும் மாலை நான்கரைக்கும் ஒரு வாழைப்பழம் அல்லது இரண்டு பிஸ்கட்.

திங்கள்: காலையில் வல்லாரை இலைக்கஞ்சி. மதியம் சோறு, பருப்பு, போஞ்சிக் கறி, ஒரு துண்டு பப்பாசி. இரவு இடியப்பம் நான்கு, தேசிக்காய் விடாத சொதி.

செவ்வாய்: காலையில் எண்ணெய் குறைத்துச் சுட்ட சிறிய ரொட்டி இரண்டு, பருப்புக் கறி. மதியம் சோறு, பூசணிக்காய்க் கறி, முருங்கையிலை வறை. இரவு சோறு, கெக்கரிக்காய்ப் பாற்கறி.

புதன்: காலையில் அவித்த பயறு ஒரு கோப்பை, சிறிது தேங்காய்ப்பூ. மதியம் சோறு, கொரக்கா போடாத பலாக்காய்க் கறி, கங்குன். இரவு அரிசி மாப் பிட்டு ஒரு கோப்பை, வாழைப்பழம்.

வியாழன்: காலையில் குரக்கன் கஞ்சி. மதியம் சோறு, பருப்பு, பீட்ரூட் கறி, பப்பாசி. இரவு இடியப்பம், உருளைக்கிழங்குப் பாற்கறி.

வெள்ளி: விரதம் இருப்பவர்கள் மதியம்வரை பிளேன்டீயில் ஓட்டுவதுதான் அன்று எரிவுக்குக் காரணமாகிறது. விரத முறைக்கு இடமிருந்தால் காலையில் அரிசிக் கஞ்சி குடிக்கலாம். மதியம் சோறு, பருப்பு, புடலங்காய், வல்லாரை வறை. பாயசமும் வடையும் வேண்டாம். இரவு சோறும் கரட் கறியும்.

சனி: காலையில் அவித்த மரவள்ளி ஆறு துண்டு, சம்பலுக்குப் பதிலாகக் கறிவேப்பிலையும் உப்பும் சேர்த்து இலேசாக வறுத்த தேங்காய்ப்பூ இரண்டு மேசைக்கரண்டி. மதியம் சோறு, சோயாமீட், பீர்க்கங்காய். இரவு இடியப்பம், பருப்புச் சொதி.

ஞாயிறு: காலையில் ரொட்டி இரண்டு, பூசணிக்காய்க் கறி. மதியம் சோறு, கௌபி, கீரை, பப்பாசி. இரவு கஞ்சி.

வாரம் முழுவதும் கவனமாக இருந்தவருக்கு ஞாயிறு இரவில் எரிவு திரும்புவதுண்டு. பிந்திய பெரிய மதியச் சாப்பாடும் உடனே போடும் தூக்கமுமே காரணம். பன்னிரண்டரைக்குள் சாப்பிட்டு, உட்கார்ந்தே ஓய்வெடுங்கள். வன்னியிலோ யாழ்ப்பாணத்திலோ இருப்பவர்கள் பலாக்காய் கிடைக்காத நாளில் வாழைக்காயைச் சேர்க்கலாம்.

படுக்கை

இடப்பக்கமாகச் சரிந்து படுத்தால் அமிலம் ஏறுவது குறையும். கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்குக் கீழே 15 முதல் 20 சென்ரிமீற்றர் உயரத்துக்குக் கட்டை வைக்கலாம். பாயில் படுப்பவர்கள் சாக்கை மடித்துத் தோள் தொடங்கித் தலைவரை சரிவாகப் பாயின் அடியில் வைக்கவும். தலையணையை மட்டும் அடுக்கினால் வயிறு மடிந்து எரிவு கூடும்.

எது உங்களுக்கு ஒத்துவரவில்லை என்று அறிவது

எரிந்த இரவுகளை நாட்காட்டியில் புள்ளியிட்டு வாருங்கள். இரண்டு வாரத்தில் புள்ளிகள் குறைந்தால், நிறுத்தியவற்றை ஒவ்வொன்றாகத் திரும்பச் சேருங்கள்: முதல் மூன்று நாள் தேசிக்காய், அடுத்த மூன்று நாள் தக்காளி, அதன் பின் மிளகாய். ஒருவருக்குத் தேசிக்காய் எதுவும் செய்யாது, மிளகாய் எரிக்கும். எது எரித்ததோ அதை மட்டும் விட்டால் போதும்.

உணவால் தீராதவை

முதுகுவலிக்கு அடிக்கடி டைக்ளோபெனாக், ஐபுப்ரோபென் விழுங்குபவர்களுக்கு உணவு மாற்றம் மட்டும் உதவாது. அம்மாத்திரைகள் இரைப்பையைப் புண்ணாக்கும். வைத்தியரிடம் அதைச் சொல்லுங்கள். புகையிலை சேர்த்த வெற்றிலையும் எரிவைக் கூட்டும். ஒமெப்ரசோல் தரப்பட்டிருந்தால் அதைக் காலை உணவுக்கு அரை மணி நேரம் முன்பு எடுக்க வேண்டும். எரிந்த பின் விழுங்கினால் உரிய பலன் கிடைக்காது. இரவில் குடிக்கும் பால் சற்று ஆற்றிவிட்டு, பின்னர் மேலும் அமிலத்தைச் சுரக்க வைக்கும்.

விழுங்கும்போது உணவு சிக்குவது, காரணமின்றி எடை குறைவது, கறுப்பாக மலம் போவது, இரத்தம் கலந்த வாந்தி ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் இந்தத் திட்டத்தை முயன்று காத்திருக்க வேண்டாம். உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். மலை ஏறும்போது நெஞ்சு அழுத்தி, வியர்த்து, வலி இடக்கைக்கோ தாடைக்கோ பரவினால் அது மாரடைப்பாக இருக்கலாம். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். கர்ப்பிணிகளும் நீரிழிவு, சிறுநீரக நோய் உள்ளவர்களும் கிளினிக்கில் கேட்ட பின்னரே உணவை மாற்றவும்.

நான்கு வாரம் இப்படிச் சாப்பிட்டும் வாரத்தில் இரண்டு இரவுக்கு மேல் எரிந்தால், புள்ளியிட்ட அந்த நாட்காட்டியையும் எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் செல்லுங்கள். எந்த நாளில், எதைச் சாப்பிட்ட பின், எத்தனை மணிக்கு எரிந்தது என்பதை அவர் முதலில் கேட்பார்.